புள்ளி வேலி இல்லை

எங்கட சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்கு நான்கு யன்னல். நான்குக்கும் திரைச்சீலை போடுவம் எண்டு போன வருசம் முடிவெடுத்தம். சனிக்கிழமை வகுப்புக்கு வாற தரம் 5 பெடியன் ஒருவன் தான் அளந்து தாறன் எண்டான். அவனிட்ட தையல்காரர் வைத்திருக்கிற துணி ரேப்பைக் கொடுத்தம். யன்னலின் உயரம் 90 சென்ரிமீற்றர். மேலயும் கீழயும் மடிச்சுத் தைக்க 15 சென்ரிமீற்றர் கூட வேணும் எண்டு தையல் அக்கா சொன்னா. கூட்டினால் 105. அவன் சரியாகத்தான் கூட்டினான். 105 சென்ரிமீற்றர் எண்டால் ஒரு மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும் எண்டதையும் சரியாகச் சொன்னான். பிறகு துண்டில் வடிவாக எழுதித் தந்தான்: 1.5 மீற்றர், 4 துண்டு.

நாங்கள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடையில் போய் "ஒண்டரை மீற்றர், நாலு துண்டு" எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தம். 4.20 மீற்றர் துணி வேண்டிய இடத்தில் 6 மீற்றர். மீற்றர் 450 ரூபாப்படி 810 ரூபா அநியாயம். வெட்டின துணியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்தானே.

முதலில் எல்லாரும் அந்தப் பெடியனைப் பார்த்துச் சிரித்தம். பிறகு அவனிட்ட ஏன் அப்பிடி எழுதினாய் எண்டு கேட்டம். அவன் சொன்ன பதில் எங்களை வாயடைக்க வைத்தது. "நீங்கள்தானே அண்ணா சொல்லித் தந்தனீங்கள். ரூபாக்கும் சதத்துக்கும் நடுவில புள்ளி வைக்கோணும் எண்டு. இது மீற்றருக்கும் சென்ரிமீற்றருக்கும் நடுவில வைச்சனான்."

அவன் சொன்னது உண்மை. தசமத்தை நாங்கள் காசை வைத்துத்தான் தொடங்கியிருந்தம். இந்தக் கட்டுரை அந்தப் பிழையைப் பற்றியது. தசமமும் இடப்பெறுமானமும் மேல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கேக்கை காசு முதலில் வரக்கூடாது, நீளம்தான் முதலில் வரவேணும் எண்டது எங்கட நிலைப்பாடு. காசு பிறகு வரலாம். ஆனால் நாங்கள் வழமையாகக் கொண்டுவாற மாதிரி இல்லை.

காசோடு தொடங்குவது எல்லாருக்கும் இயல்பாகத்தான் படும். பிள்ளைக்குக் காசு தெரியும், கடைக்குப் போய்ப் பழக்கம், 12.50 எண்டு விலைச்சீட்டில் பார்த்திருக்கும். இலங்கையில் 1872 தொடக்கம் ரூபா நூறு சதமாகப் பிரிந்திருக்கிறது. தசமத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே எண்டுதான் நாங்களும் நினைத்தம்.

ஆனால் 12.50 எண்டதை ஒரு பிள்ளை எப்பிடி வாசிக்குது எண்டு கவனியுங்கோ. "பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்." அங்கே தசமம் எங்கே இருக்கு? பன்னிரண்டு எண்டு ஒரு முழு எண், ஐம்பது எண்டு இன்னொரு முழு எண். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி. கொப்பியில் கணக்குச் செய்யேக்கையும் ரூபா எண்டு ஒரு நிரல், சதம் எண்டு ஒரு நிரல். சதம் நூறைத் தாண்டினால் ஒன்றைத் தூக்கி ரூபாப் பக்கம் போடு. இதைப் பிள்ளை பிழையில்லாமல் செய்யும், ரீச்சர் சரி போடுவார். ஆனால் அந்தப் பிள்ளை தசமம் ஒன்றையும் தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முழு எண் கூட்டல்தான் செய்திருக்கு.

தசமத்தின் உயிர் எங்கே இருக்கிறது எண்டால், ஒன்றைப் பத்தாகப் பிரிக்கிறது, அந்தப் பத்திலொன்றைத் திரும்பவும் பத்தாகப் பிரிக்கிறது எண்ட அந்தத் தொடர்ச்சியில்தான். 12.50 இல் அந்த 5 எண்டது ஐந்து பத்திலொன்று. காசில் பத்திலொன்று எண்டால் பத்துச் சதம். எங்கட வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் பத்துச் சதத்தைக் கண்டதில்லை. ஐம்பது சதத்தை வீட்டில் பழைய பேணிக்குள் கண்ட பிள்ளை ஒன்று இரண்டு இருக்கலாம். அவர்கள் கடையில் கொடுத்து வாங்குகிற ஆகச் சிறிய காசு ஒரு ரூபாக் குற்றி. அதுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் பற்றுச்சீட்டில் அச்சடிக்கிற இரண்டு பூச்சியம் மட்டும்தான். தொட்டுப் பார்த்துப் படிக்கிறதுக்காகத்தான் காசைக் கொண்டுவந்தம். தொடவேண்டிய அந்தப் பகுதியே புழக்கத்தில் இல்லை.

இன்னொன்றும் இருக்கு. காசில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு எல்லாம் முடிந்துவிடும். கடையில் ஒருவரும் 12.5 ரூபா எண்டு எழுத மாட்டினம், 12.505 எண்டும் எழுத மாட்டினம். ஆகவே 12.5உம் 12.50உம் ஒன்றா எண்டு காசு மூலம் படித்த பிள்ளைக்குத் தெரியாது. கல்குலேற்றரில் 12.5 எண்டு விடை வந்தால் "பன்னிரண்டு ரூபா ஐந்து சதம்" எண்டு சொன்ன பிள்ளையை நாங்கள் கண்டிருக்கிறம். திரைச்சீலையில் நடந்த பிழையும் இதுதான், வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கு.

இது எங்கட ஊரில் மட்டும் நடக்கிற விசயம் இல்லை. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி ஸ்ரைன்லி, கேய் ஸ்ரேசி ஆகிய இரண்டு ஆய்வாளர்கள், பிள்ளைகள் தசமங்களை எப்பிடி ஒப்பிடுகிறார்கள் எண்டதைப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் கண்டபடி பிழை விடுவதில்லை, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகவே பிழை விடுகுது எண்டது அவர்களின் வேலையில் இருந்து விளங்கும். அந்த விதிகளில் ஒன்று காசுச் சிந்தனை. முதல் இரண்டு தசம இலக்கம் வரைக்கும் எல்லாம் சரியாகச் செய்வினம், அதுக்கு அங்கால பாதை தெரியாது.

ஒரு பிள்ளை எந்த விதியோடு இருக்குது எண்டு கண்டுபிடிக்கப் பெரிய பரீட்சை தேவையில்லை. மூன்று சோடி போதும். ஒவ்வொன்றிலும் எது பெரிது, ஏன் எண்டு கேளுங்கோ.

முதல் சோடி 0.4உம் 0.35உம். "0.35தான் பெரிது, முப்பத்தைந்து நாலைவிடப் பெரிசுதானே" எண்டு சொன்னால், அந்தப் பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை முழு எண்ணாக வாசிக்குது.

இரண்டாவது சோடி 0.3உம் 0.42உம். முதல் சோடியைச் சரியாகச் சொன்ன பிள்ளையிட்டையும் இதைக் கட்டாயம் கேட்கவேணும். ஏனெண்டால் "நூறிலொன்று சின்னத் துண்டு, பத்திலொன்று பெரிய துண்டு, ஆகவே இலக்கம் குறைஞ்சதுதான் பெரிது" எண்டு நினைக்கிற பிள்ளைகளும் இருக்கினம். அவர்கள் முதல் சோடியில் 0.4 எண்டு சரியான விடையைப் பிழையான காரணத்தால் சொல்லிவிடுவினம். இங்கே 0.3 எண்டு சொல்லேக்கைதான் பிடிபடுவினம்.

மூன்றாவது சோடி 0.45உம் 0.453உம். "இரண்டும் ஒண்டுதான்" எண்டு வந்தால் காசுச் சிந்தனையாக இருக்கலாம்.

திரைச்சீலைக் கதைக்குப் பிறகு எங்கட வகுப்பில் பதினான்கு பிள்ளைகளிட்ட இதைக் கேட்டம். மூன்றையும் காரணத்தோடு சரியாகச் சொன்னது மூன்று பேர். இத்தனைக்கும் பதினான்கு பேரும் ரூபா சதம் கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் விடுகிறதில்லை.

யோசித்துப் பார்த்தால் பிள்ளைகளைக் குறை சொல்ல ஏலாது. அவர்களைச் சுற்றி இருக்கிற புள்ளிகளில் பாதி வேலிதான். கிரிக்கெற்றில் 4.3 ஓவர் எண்டால் நாலு ஓவரும் மூன்று பந்தும். 4.5க்குப் பிறகு ஒரு பந்து போட்டால் 5 ஓவர் வரும், 4.6 வராது. அங்கே ஆறுக்கு ஒருக்கா வேலி பாயுது. 7.30 எண்டால் ஏழு மணி முப்பது நிமிசம், அங்கே அறுபது. 5.10 எண்டு ஒருவரின் உயரத்தை எழுதினால் ஐந்து அடி பத்து அங்குலம். அவர் 5.9 உயரமானவரைவிட ஒரு அங்குலம் உயரம். அதே இலக்கங்களைத் தசமமாகப் பார்த்தால் 5.9 தான் பெரிது. இந்த எல்லா இடத்திலும் "புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண்" எண்டு வாசிக்கிறதுதான் சரி. அதுக்கு மேல நாங்களும் போய்க் காசைக் காட்டி, இதுவும் அப்பிடித்தான் எண்டு வேலியை இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறம்.

எங்கட பேச்சும் இதுக்கு உதவியில்லை. அரை, கால், முக்கால் எண்டு நாங்கள் தினமும் கதைக்கிறது எல்லாம் பாதி பாதியாகப் பிரிக்கிற கணக்கு. பத்தாகப் பிரித்த துண்டுக்கு வீட்டில் புழங்குகிற சொல் ஒன்று இல்லை. ஆகவே பத்திலொன்றைப் பிள்ளை காதால் கேட்டு வளரவில்லை. கையால் பிடித்துத்தான் அறியவேணும்.

அதுக்குத்தான் நீளம். ஆனால் ரேப்பை நேரடியாகக் கையில் கொடுத்தாலும் வேலை நடக்காது, இதை நாங்கள் இரண்டாவது தரமும் பிழைவிட்டுத்தான் அறிந்தம். ரேப்பில் 105 எண்டு முழு எண்ணாகவே எழுதியிருக்கு. அதில் புள்ளியே இல்லை. யன்னல் அளந்த பெடியனும் ரேப்பை வைத்துத்தான் அளந்தவன். சென்ரிமீற்றரில் வாசிக்கிற வரைக்கும் பிள்ளைக்குத் தசமம் தேவைப்படாது. ஆகவே முதலில் இலக்கமே இல்லாத ஒரு அளவுகோல் வேணும்.

நாங்கள் செய்தது இதுதான். பழைய காட்போட் பெட்டியை வெட்டி, இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு மீற்றர் நீளமான பட்டிகள் செய்தம். ஒரு பட்டியை அப்பிடியே வைத்தம். இன்னொன்றைப் பத்துத் துண்டாக வெட்டினம். அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துத் திரும்பவும் பத்தாக வெட்டினம். எல்லாத்துக்கும் அகலம் ஒன்றாகவே இருக்கவேணும், அப்பத்தான் பிள்ளை நீளத்தை மட்டும் பார்க்கும். துண்டுகளைத் தனித்தனியாக அளந்து வெட்டக்கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீற்றர் கூடினால் பத்தையும் அடுக்கேக்கை ஒரு சென்ரிமீற்றர் வெளியே நிற்கும், பிள்ளை "பத்து வைச்சால் ஒண்டு வரேல்லையே" எண்டு கேட்கும். ஒரே பட்டியில் கோடு போட்டு வெட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. ஒன்றிலும் இலக்கம் எழுதவில்லை. நீளப் பட்டிக்குப் பெயர் ஒன்று, அடுத்ததுக்குப் பெயர் பத்திலொன்று, சின்னதுக்குப் பெயர் நூறிலொன்று. சென்ரிமீற்றர் எண்ட சொல்லை அண்டைக்கு ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

முதலில் வகுப்பில் இருந்த வாங்கு ஒன்றை அளக்கவிட்டம். நீளப் பட்டி ஒருதரம் வைக்கலாம், இரண்டாம் தரம் வைத்தால் வாங்கைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்குது. ஆகவே ஒன்று. மிச்ச இடத்துக்குப் பத்திலொன்று பட்டிகளை அடுக்கினால் நாலு போகுது, ஐந்தாவது வெளியே நிற்குது. ஆகவே நாலு. இன்னும் மிச்சம் இருக்கிற இடுக்குக்கு நூறிலொன்று துண்டு மூன்று. கரும்பலகையில் மூன்று நிரல் போட்டு ஒன்று, நாலு, மூன்று எண்டு எழுதினம். பிறகுதான் கேட்டம்: "இந்த நிரல் கோடுகளை அழிச்சுப்போட்டு 143 எண்டு எழுதினால், வாங்கைப் பார்க்காத ஒருத்தருக்கு என்ன விளங்கும்?" ஒரு பிள்ளை சொன்னா, "நூற்றி நாப்பத்திமூண்டு பட்டி எண்டு நினைப்பினம்." அப்ப எது முழுப் பட்டி எண்டு காட்ட ஒரு அடையாளம் வேணும். அதுதான் புள்ளி. 1.43.

இந்த இடத்தில்தான் புள்ளியின் வேலை மாறுது. அது இரண்டு எண்களைப் பிரிக்க வந்த வேலி இல்லை. எனக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கிறவர்தான் ஒன்றினிடம் எண்டு காட்டுகிற ஒரு கைவிரல், அவ்வளவுதான். அதுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே விதிதான் ஓடுது: ஒரு இடம் வலப்பக்கம் நகர்ந்தால் பத்தாகப் பிரியும், ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்தால் பத்து சேர்ந்து ஒன்றாகும்.

அடுத்ததாக 105 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கயிறு. நாங்கள் வேணுமெண்டே அதே அளவில் வெட்டி வைத்தது. நீளப் பட்டி ஒருதரம் போனது. மிச்ச இடத்தில் பத்திலொன்று பட்டியை வைத்தால் அது கயிற்றைத் தாண்டி நிற்குது. பிள்ளைகள் பட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தினம். "இது ஒண்டும் போகேல்லை அண்ணா." "அப்ப அந்த நிரலில என்ன எழுதுவம்?" கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. யன்னல் அளந்த பெடியன்தான் எழும்பிப் போய் நடு நிரலில் பூச்சியத்தைப் போட்டான். பிறகு நூறிலொன்று துண்டு ஐந்து. 1.05. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டுபோட்டு, "அப்ப திரைச்சீலை..." எண்டு இழுத்தான். வகுப்பே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தப் பூச்சியம் ஏன் அங்கே நிற்குது எண்டு எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறம். போகாத ஒரு பட்டியைக் கையில் பிடித்திருந்த அந்த ஒரு நிமிசம் செய்த வேலையை எங்கட சொல் செய்யவில்லை.

0.4உம் 0.35உம் இப்ப வாதமே இல்லை. நாலு பட்டியை ஒரு வரிசையிலும், மூன்று பட்டியையும் ஐந்து சின்னத் துண்டையும் அடுத்த வரிசையிலும் வைத்தால் எது நீளம் எண்டு கண் சொல்லும். 0.4உம் 0.40உம் ஒரே நீளம் எண்டதும் அப்பிடியே. நாலு பட்டிக்குப் பக்கத்தில் சின்னத் துண்டு ஒன்றும் வைக்கவில்லை எண்டுதான் அந்தப் பூச்சியம் சொல்லுது.

இதுக்குப் பிறகுதான் ரேப்பைக் கொடுத்தம். ரேப்பில் 105 எண்டு தெரியுது, பட்டியில் 1.05 வந்தது. இலக்கங்கள் மூன்றும் அதே ஒழுங்கில் அதே இடத்தில் இருக்கு. சென்ரிமீற்றரை ஒன்றாக எடுத்தால் ஐந்து ஒன்றினிடம், மீற்றரை ஒன்றாக எடுத்தால் அந்த முதல் இலக்கம் ஒன்றினிடம். "நூறால் வகுத்தால் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளு" எண்டு மனனம் பண்ணுகிற விதி இதுதான், ஆனால் இப்ப அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இன்னும் நுணுக்கமாக அளக்கக் கேட்டால் மில்லிமீற்றர்க் கோடு இருக்கு. 1.057 எண்டு மூன்றாவது இடம் தானாக வரும். காசு எங்கே நின்றுபோகுதோ, அங்கேயிருந்து ரேப் தொடருது.

ரேப்பிலும் சறுக்குகிற இடங்கள் இருக்கு. துணி ரேப்பில் ஒரு பக்கம் 150 சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் 60 அங்குலம். பிள்ளை பாதியில் திருப்பிப் பிடித்தால் கதை முடிஞ்சுது. அங்குலப் பக்கத்தைக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கோ. அடுத்தது பூச்சியம் எங்கே தொடங்குது எண்டது. அடிமட்டத்தில் பெரும்பாலும் ஓரத்தில் கொஞ்ச இடம் விட்டுத்தான் பூச்சியக் கோடு இருக்கும், துணி ரேப்பிலோ தகட்டு நுனியே பூச்சியம். ஒன்றில் பழகின பிள்ளை மற்றதில் பிழை விடும். மேசன் பாவிக்கிற இரும்பு ரேப்பின் நுனிக் கொளுக்கி ஆடும். பழுதாப்போச்சு எண்டு பிள்ளைகள் கொண்டுவருவினம். அது பழுதில்லை. கொளுக்கியின் தடிப்பளவுக்கு ஆடுகிற மாதிரித்தான் செய்திருக்கு, வெளியே கொளுவி இழுத்தாலும் உள்ளே முட்டவைத்து அளந்தாலும் அளவு சரியாக வருகிறதுக்காக. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லாப் பிடிக்கும்.

இனிக் காசுக்கு வருவம். காசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நீளம் செய்யாத ஒரு வேலையைக் காசு செய்யும். பத்தைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது, ஒன்றை மாற்றிப் பத்தாக எடுக்கிறது எண்ட கொடுக்கல் வாங்கல் காசில்தான் பிள்ளைக்குக் கைவந்த கலை. கழித்தலில் "பக்கத்து வீட்டில கடன் வாங்கு" எண்டு சொல்லுகிறதைவிட "நூறு ரூபாவை மாத்திக்கொண்டு வா" எண்டது எவ்வளவோ தெளிவு. ஆனால் அதுக்கு இல்லாத சதத்தை இழுத்துக்கொண்டு வரத் தேவையில்லை. கையில் இருக்கிற காசே போதும்.

நூறு ரூபாத் தாளை ஒன்று எண்டு வையுங்கோ. பத்து ரூபாக் குற்றி பத்திலொன்று. ஒரு ரூபாக் குற்றி நூறிலொன்று. இரண்டு, ஐந்து, இருபது, ஐம்பது எல்லாத்தையும் ஒதுக்கி வையுங்கோ. 135 ரூபா இப்ப 1.35. 105 ரூபா 1.05, பத்து ரூபாக் குற்றி ஒன்றும் இல்லாதபடியால் நடுவில் பூச்சியம். "2 இலிருந்து 0.65 ஐக் கழி" எண்டால் இரண்டு தாளில் ஒன்றைப் பத்துக் குற்றியாக மாற்றி, அதில் ஒன்றைப் பத்து ஒரு ரூபாவாக மாற்றி, ஆறு பத்தையும் ஐந்து ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவேணும். மிச்சம் ஒரு தாள், மூன்று பத்து, ஐந்து ஒன்று. 1.35. பிறகு ஆயிரம் ரூபாத் தாளை ஒன்று எண்டு மாற்றிப்போட்டு அதே 135 ரூபாவைக் கேளுங்கோ. 0.135. கையில் இருக்கிற காசு மாறவில்லை, எதை ஒன்று எண்டு எடுத்தம் எண்டதுதான் மாறினது. காணி விலை "1.5 இலட்சம்" எண்டு பெரியாக்கள் கதைக்கிறதும், செய்தியில் "2.5 மில்லியன்" எண்டு வாறதும் இதே விளையாட்டுத்தான் எண்டு பிள்ளைகளே வந்து சொன்னினம்.

காசுக்கு ஒரு குறை எப்பவும் இருக்கும். பத்து ரூபாக் குற்றி நூறு ரூபாத் தாளின் பத்திலொரு பங்கு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெறுமதி அரசாங்கம் அதில் அச்சடித்த இலக்கத்தில்தான் இருக்கு. பட்டியில் பத்திலொன்று உண்மையாகவே பத்திலொரு பங்கு. அதனால்தான் பட்டி முதலில், ரேப் அடுத்து, காசு பிறகு எண்டு சொல்லுகிறம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஐரோப்பாவில் தசமத்தைச் சாதாரண மக்களுக்கு எழுதிக் கொடுத்த சைமன் ஸ்ரெவின், 1585 இல் லைடனில் வெளியிட்ட தன் சின்னப் புத்தகத்தை யாருக்கு எண்டு எழுதினார் தெரியுமா? வானத்தை அளப்பவர்கள், காணி அளப்பவர்கள், திரைச்சீலைத் துணி அளப்பவர்கள், பீப்பாய் அளப்பவர்கள், நாணயம் அடிப்பவர்கள், வியாபாரிகள். அளக்கிற ஆக்கள்தான் முன்வரிசையில் நிற்கினம். அவர் புள்ளியும் வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது இடம் எண்டு ஒரு வட்டத்துக்குள் எழுதினார். அந்த எழுத்துமுறையில் 1.5க்கும் 1.05க்கும் ஒருவரும் மாறுபட ஏலாது. நாங்கள் கரும்பலகையில் நிரல் போட்டு எழுதினது கிட்டத்தட்ட அதுதான்.

இதை எழுதுறதுக்கு முன்னம் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற ஒரு ரீச்சரிட்டக் காட்டினம். "தம்பிமார், உங்களுக்குப் பதினாலு பிள்ளை. எனக்கு முப்பத்தெட்டு. புலமைப்பரிசில் வருது. பெட்டி வெட்ட எனக்கு எங்க நேரம்?" எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. முப்பத்தெட்டுப் பிள்ளைக்கும் பட்டி வெட்டத் தேவையில்லை, ஐந்து ஆறு பேருக்கு ஒரு தொகுதி போதும். ஒருக்கா வெட்டினால் வருசக்கணக்காக இருக்கும், வெட்டுகிற வேலையைப் பிள்ளைகளிட்டக் கொடுத்தால் அதுவும் பாடம்தான். எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை போனது. பரீட்சைக்கு எண்டு பார்த்தாலும், பிழையான விதியோடு இருக்கிற பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் அந்த விதிதான் இன்னும் உறுதியாகும்.

ஒன்று மட்டும் செலவில்லாமல் இண்டைக்கே மாற்றலாம். 1.35 ஐ "ஒன்று தசம் முப்பத்தைந்து" எண்டு வாசிக்கிறதை நிறுத்துவம். முப்பத்தைந்து எண்டு வாயால் சொன்னவுடனே வேலி விழுந்துபோச்சு. "ஒன்று தசம் மூன்று ஐந்து." காசு எண்ணேக்கை எப்பிடியும் சொல்லட்டும், கணிதப் பாடத்தில் இப்பிடி.

இரண்டு சனிக்கிழமைக்குப் பிறகு அதே மூன்று சோடியை, இலக்கங்களை மாற்றித் திரும்பக் கேட்டம். பதினான்கில் பதினொரு பேர் மூன்றையும் காரணத்தோடு சொன்னினம். மிச்சம் மூன்று பேரும் பட்டியைக் கையில் கொடுத்தால் சரியாகச் சொல்லுகினம், கடதாசியில் பழைய விதிக்குத் திரும்பிப் போகினம். அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பட்டி தேவை. இன்னும் இரண்டு மாதத்தில் திரும்பக் கேட்டால்தான் உண்மை தெரியும், பழைய விதிகள் லேசில் விட்டுப் போகாது.

உங்கட வீட்டிலும் தரம் 5, 6 படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தால் இண்டைக்கு அந்த மூன்று சோடியைக் கேட்டுப் பாருங்கோ. விடை சரியோ பிழையோ எண்டு பார்க்காமல், ஏன் எண்டு கேட்டுப்போட்டு அவர்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பேசாமல் இருங்கோ.

மிஞ்சின துணியில் வாசிகசாலை வாங்குகளுக்கு உறை தைக்கப் போறம். இந்தமுறையும் அந்தப் பெடியன்தான் அளக்கிறான்.